மதுரையோடு நின்ற ரயில்: மீதிப் பணம் எவ்வளவு வரும்?

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. தாமிரபரணிப் படுகை முழுக்க வெள்ளக்காடு. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏறக்குறைய 800 பயணிகள் ரயிலிலும் ஸ்டேஷனிலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலுமாக மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு வந்தது. 19-ஆம் தேதிதான் அவர்களை மீட்டு வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சிறப்பு ரயிலில் ஏறிச் சென்னை வந்து சேர்ந்தவருக்கும், “போதும், இனி நானே போய்க்கொள்கிறேன்” என்று பாதியில் விலகிக்கொள்பவருக்கும் ரயில்வே விதி வேறு வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு பைசா கூடத் திரும்பாது. இன்னொருவருக்குப் பகுதிப் பணம் திரும்பும். ரயில்வே கைவிரித்துவிட்டால் முழுப் பணமே வரும். மழைக்காலத்தில் ரயில் பாதி வழியில் நிற்பது புதிதல்ல. ஆனால் இந்த மூன்றில் தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது தெரியாமலே பலர் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுகிறார்கள்.

ஒரே பிளாட்பாரம், மூன்று கணக்கு

ரயில் டிக்கெட் ரத்துக்கும் பணம் திரும்பப் பெறுவதற்கும் இப்போது அடிப்படையாக இருப்பவை 2015 நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள். விபத்து, தண்டவாள உடைப்பு, வெள்ளம் போன்ற காரணங்களால் வழியில் ரயில் போக்குவரத்து குலைந்து பயணம் பாதியில் முடிந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் தனி ஏற்பாடு உண்டு. அதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு ரயிலில் மூன்று பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பு. விடியற்காலையில் மதுரையில் ரயில் நிற்கிறது. நின்றது நின்றதுதான். தெற்கே தண்டவாளத்தில் வெள்ளம், ரயில் இத்தோடு நிறுத்தப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது.

முதல் பயணி அங்கேயே காத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் திருநெல்வேலிக்கு ரயில்வே செலவில் பஸ் விடப்போவதாக அறிவிக்கிறார்கள். ஏறிப் போய்விடுகிறார். அவருக்குப் பணம் எதுவும் திரும்ப வராது. ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்ட ரயில்வே, தண்டவாளத்துக்குப் பதில் தார்ச்சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளில் சிறப்பு ரயிலில் சென்னை வந்தவர்களும் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

இரண்டாம் பயணிக்கும் அதே பஸ் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அவருக்கு அந்த நெரிசலில் போக விருப்பமில்லை. மதுரையில் உறவினர் வீடு இருக்கிறது, அல்லது மாட்டுத்தாவணிக்குப் போய் வேறு பஸ் பிடிக்க நினைக்கிறார். மாற்று ஏற்பாட்டை ரயில்வே செய்துகொடுத்தும், பயணத்தை முறித்துக்கொண்டது அவருடைய முடிவு. அவர் பயணித்த தூரத்துக்கான கட்டணத்தை ரயில்வே எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தரும். ரத்துக் கட்டணம் என்று தனியாக எதுவும் பிடிக்காது. இதுதான் பகுதிப் பணம்.

மூன்றாம் பயணி போன ரயிலில் கதை வேறு. பஸ் இல்லை, மாற்று ரயில் இல்லை. எப்போது வழி திறக்கும் என்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியவில்லை. நியாயமான நேரத்துக்குள் பயணியைச் சேருமிடம் கொண்டுசேர்க்க ரயில்வேயால் முடியாதபோது, பதிவுசெய்த முழுப் பயணத்துக்கான கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்கிறது விதி. சென்னையிலிருந்து மதுரை வரை அவர் வந்த தூரத்துக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுக்க ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது: ரயில்வே மாற்று ஏற்பாடு செய்ததா, இல்லையா? ‘நியாயமான நேரம்’ என்றால் எத்தனை மணி நேரம் என்று விதி எண்ணிச் சொல்லவில்லை. அதனால் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடமோ விசாரணைக் கவுன்டரிலோ நேராகக் கேட்டுவிடுவது நல்லது: “திருநெல்வேலிக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கீங்களா சார்?” இல்லை என்றால் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 139 எண்ணிலோ ரயில்மதத் செயலியிலோ அதையே புகாராகப் பதிந்தால், தேதியும் நேரமும் போட்ட ஒரு புகார் எண் கையில் இருக்கும். பிறகு “பஸ் விட்டோமே, நீங்கள்தான் ஏறவில்லை” என்ற பதில் வந்தால் காட்டுவதற்கு அது ஒரு சாட்சி.

கால்வாசி தூரத்துக்கு ஏன் கால்வாசி பணம் வருவதில்லை?

பகுதிப் பணம் கைக்கு வரும்போது பலர் ஏமாந்துபோவது தொகையைப் பார்த்துத்தான். எழும்பூர் – திருநெல்வேலி சுமார் 650 கிலோமீட்டர். மதுரை வரை சுமார் 490. பாக்கி 160 கிலோமீட்டர், ஏறக்குறைய மொத்தத்தில் கால்வாசி. ஆகவே டிக்கெட் பணத்திலும் கால்வாசி திரும்பும் என்று மனம் கணக்குப் போடுகிறது.

ரயில்வே அப்படி வகுத்துப் பார்ப்பதில்லை. போகாத தூரத்துக்கு விலை போடாமல், போன தூரத்துக்குத்தான் விலை போடுகிறது. அந்த ரயிலில் அதே வகுப்பில் சென்னையிலிருந்து மதுரைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் என்ன கட்டணமோ, அதை முழுதாக எடுத்துக்கொள்கிறது. செலுத்திய தொகையில் அது போக மிஞ்சுவதுதான் பயணிக்கு.

இங்கேதான் ரயில் கட்டணத்தின் அமைப்பு குறுக்கே வருகிறது. தூரம் கூடக்கூடக் கிலோமீட்டர் விலை குறைந்துகொண்டே போகும்படிதான் அந்தக் கட்டணம் அமைந்திருக்கிறது. முதல் நூறு கிலோமீட்டருக்கு விலை அதிகம், கடைசி நூறுக்குக் குறைவு. ரயில் பாதியில் நிற்கும்போது பயணி இழப்பது விலை மலிந்த அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், கணக்குப் புரிவதற்காக முழு எண்களில் ஒரு கற்பனை விலையை வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் 400 ரூபாய், அதே ரயிலில் மதுரைக்கு 330 ரூபாய். திரும்பும் தொகை 70 ரூபாய். தூர விகிதத்தில் பங்கு போட்டால் 98 ரூபாய் வந்திருக்க வேண்டும். 28 ரூபாயை யாரும் பிடித்தம் செய்யவில்லை. மதுரை வரை போன 490 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் விலை அதிகம், அவ்வளவுதான்.

முன்பதிவுக் கட்டணமும் அதிவிரைவு ரயிலுக்கான கூடுதல் கட்டணமும் இதே திசையில்தான் இழுக்கின்றன. ஸ்லீப்பர் வகுப்பில் முன்பதிவுக்கு 20 ரூபாய், அதிவிரைவு ரயிலுக்கு 30 ரூபாய். இவை தூரத்தைப் பொறுத்தவை அல்ல. 400 ரூபாயிலும் அந்த 50 இருக்கிறது, 330 ரூபாயிலும் அதே 50 இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது ரயில்வேயிடமே தங்கிவிடுகிறது. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஐஆர்சிடிசி வசூலிக்கும் சேவைக் கட்டணம் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. அது திரும்பாது.

ரயில் சீக்கிரமே நின்றுவிட்டாலும் ஒரு சங்கடம் உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 200 கிலோமீட்டருக்கு என்று கணக்கிடப்படுகிறது. மூன்றடுக்கு ஏசியில் அது 300 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து விழுப்புரம் 160 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இந்த ரயிலில் விழுப்புரத்துக்கு ஏசி டிக்கெட் எடுப்பவர் 300 கிலோமீட்டருக்கான விலையைக் கொடுத்துத்தான் போகவேண்டும். விழுப்புரத்தில் ரயில் நின்று பயணத்தை முறித்துக்கொள்பவர், போன தூரத்தின் கட்டணத்தை மதிப்பிடும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வரும் என்பதை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். ஐஆர்சிடிசி தளத்தில் அதே ரயில், அதே வகுப்பு, ஏறிய ஊரிலிருந்து ரயில் நின்ற ஊர் வரை என்று போட்டுக் கட்டணத்தைப் பார்த்து, செலுத்திய தொகையிலிருந்து கழித்தால் போதும். வந்த பணம் இதற்குப் பக்கத்தில் இல்லையென்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது.

72 மணி நேரம்

ரயில் முழுவதுமாக ரத்தானால் இ-டிக்கெட் வைத்திருப்பவர் எதுவும் செய்யவேண்டாம். பணம் தானாகவே வந்துவிடும். பாதியில் நின்றால் அப்படியில்லை. பயணி ஏறியிருக்கிறார், கொஞ்ச தூரம் போயிருக்கிறார், மாற்று பஸ்ஸில் போனாரா இல்லையா என்பது கணினிக்குத் தெரியாது. சார்ட் போட்ட பிறகு இணையத்தில் டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. எனவே டிடிஆர் எனப்படும் விண்ணப்பத்தைப் பயணிதான் பதிவுசெய்ய வேண்டும்.

டிக்கெட் எடுத்த அதே கணக்கில் நுழைந்து, பழைய பரிவர்த்தனைகள் இருக்கும் பகுதிக்குப் போனால் ‘File TDR’ என்ற வழி இருக்கும். பிஎன்ஆர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, யார் யாருக்குப் பணம் வேண்டுமோ அந்தப் பெயர்களை மட்டும் குறிக்கவேண்டும். ஒரே டிக்கெட்டில் நான்கு பேர் வந்து, தாத்தா பாட்டி ரயில்வே பஸ்ஸில் போய், மற்ற இருவர் மதுரையிலேயே தங்கிவிட்டால், தங்கிய இருவருக்கு மட்டும்தான் கேட்கமுடியும். ஏஜென்ட் மூலமோ வேறு செயலி மூலமோ எடுத்த டிக்கெட்டுக்கு அந்த வழியாகவே டிடிஆர் போடவேண்டும்.

அடுத்து வரும் காரணப் பட்டியலில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதில் முதலில் கண்ணில் படும் ‘பயணி பயணிக்கவில்லை’ என்ற காரணத்தை அவசரத்தில் தட்டிவிடுகிறார்கள். ஆனால் அன்றிரவு டிக்கெட் பரிசோதகர் வந்து பெயரைச் சரிபார்த்து, பயணி வந்துவிட்டார் என்று பதிவுசெய்திருப்பார். ‘பயணிக்கவில்லை’ என்ற விண்ணப்பம் அந்தப் பதிவோடு மோதும்போது நிராகரிக்கப்படும். இந்தச் சூழலுக்குரிய காரணம் ‘Train Terminated Short of Destination’ என்பது. ரயில் மதுரையோடு நின்றது ரயில்வேயின் சொந்தப் பதிவேட்டிலேயே இருப்பதால், அதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்கும் எளிது.

இதற்கு இருக்கும் அவகாசம், பயணி போய்ச் சேரவேண்டிய ஸ்டேஷனில் ரயில் அட்டவணைப்படி வந்திருக்கவேண்டிய நேரத்திலிருந்து 72 மணி நேரம். நம் எடுத்துக்காட்டில் ஞாயிறு காலை 7 மணிக்குத் திருநெல்வேலி சேரவேண்டிய ரயில் என்றால் புதன் காலை 7 மணி வரை. வெள்ளத்தில் மாட்டியவர் ஊர் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகலாம். அதனால் மதுரையில் இருக்கும்போதே கைப்பேசியில் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

விண்ணப்பத்தின் மீது முடிவெடுப்பது ஐஆர்சிடிசி அல்ல, சம்பந்தப்பட்ட ரயில்வே மண்டலம். ஐஆர்சிடிசி அதை அனுப்பிவைத்து, ஒப்புதல் வந்ததும் பணம் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி விடுகிறது. இதற்கு 60 நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இரண்டு வாரத்தில் பணம் வரவில்லை என்று பதறத் தேவையில்லை. ஆனால் விண்ணப்ப நிலையை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவுன்டரில் எடுத்த அச்சு டிக்கெட்டுக்கு வழி வேறு. ரயில் நின்ற ஸ்டேஷனிலேயே டிக்கெட்டை ஒப்படைப்பதுதான் பாதுகாப்பானது. கவுன்டரில் பணம் கிடைத்தால் அதோடு முடிந்தது. அங்கே தர இயலாவிட்டால், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அதற்கான ஒப்புகைச் சீட்டைத் தருவார்கள். இதையும் டிடிஆர் என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சீட்டின் அசலை இணைத்து, அந்த ஸ்டேஷன் எந்த மண்டலத்தைச் சேர்ந்ததோ அந்த மண்டலத்தின் தலைமை வணிக மேலாளர் அலுவலகத்துக்கு, பயணம் தொடங்கிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்குமுன் டிக்கெட்டையும், வாங்கிய பிறகு அந்தச் சீட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள மறக்கக்கூடாது.

இதுபோலவே தோன்றும், இது அல்லாத வேறு சில

ரயில் ஐந்து மணி நேரம் தாமதமாக ஓடுகிறது, பொறுமை இழந்து திண்டுக்கல்லில் இறங்கிவிட்டார் ஒருவர். அவருக்கு மேற்சொன்ன ஏற்பாடு பொருந்தாது. ரயில் திருநெல்வேலி வரை போயிருக்கிறது. பாதியில் நின்றது அவர் மட்டும்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் முழுப் பணம் என்ற விதி ஒன்று உண்டே என்று அவர் கேட்கலாம். உண்டு. ஆனால் அது ஏறவேண்டிய ஸ்டேஷனுக்கே ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, பயணி ஏறாமலேயே விட்டுவிட்டால் மட்டும். அதற்கான டிடிஆரையும் ரயில் அங்கிருந்து கிளம்புமுன் போட்டாக வேண்டும். ஏறிய பிறகு ஏற்படும் தாமதத்துக்கு அது உதவாது.

இன்னொன்று, ரயில் கடைசி ஊர் வரை போகும், ஆனால் நம் ஊர் வழியாகப் போகாது. 2024 டிசம்பர் 2 அன்று ஃபெஞ்சல் புயல் மழையால் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. சில ரயில்கள் ரத்தாயின, சில வழியிலேயே நிறுத்தப்பட்டன, சில காட்பாடி வழியாகத் திருப்பி விடப்பட்டன. காட்பாடி வழியாகச் சென்னைக்குப் போகும் ரயிலில் செங்கல்பட்டுக்காரருக்கு என்ன வேலை? ரயில் சென்னை சேர்ந்துவிட்டதால் ‘பாதியில் நின்ற ரயில்’ என்ற காரணம் அவருக்கு எடுபடாது. பாதை மாறியதால் சேருமிடத்தைத் தொடவில்லை என்பதற்குப் பட்டியலில் தனிக் காரணம் இருக்கிறது. அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மறுத்துவிட்டால்

மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் கைவிடப்பட்ட பயணிக்கு முழுப் பணத்துக்குப் பதில் பகுதிப் பணம் மட்டும் வருவதுண்டு. முழுதாக மறுக்கப்படுவதும் உண்டு. முதலில் அந்த மண்டலத்தின் வணிகப் பிரிவுக்கு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். ரயில்மதத் புகார் எண், அறிவிப்புப் பலகையின் படம், ரயில் எங்கே நின்றது என்று காட்டிய செயலியின் திரைப்படம் ஆகியவை உதவுவது இந்தக் கட்டத்தில்தான்.

அதிலும் தீரவில்லை என்றால், பலரும் நுகர்வோர் ஆணையத்தைத்தான் நினைப்பார்கள். கட்டணத்தையோ அதன் ஒரு பகுதியையோ திருப்பிக் கேட்கும் வழக்குகளை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்திருக்கிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. கட்டணம் செலுத்திய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே மனுச் செய்யலாம். 70 ரூபாய்க்காக யாரும் தீர்ப்பாயம் ஏறமாட்டார்கள். ஒரு குடும்பமே முதல் வகுப்பு ஏசியில் வந்து மொத்தப் பணமும் மறுக்கப்பட்டிருந்தால் கதை வேறு.

டிக்கெட் பணத்துக்கு மேல் ஆன செலவு, அதாவது மதுரையிலிருந்து பிடித்த டாக்ஸி, தங்கிய விடுதி ஆகியவை டிடிஆரில் வராது. அவற்றைச் சேவைக் குறைபாடு என்று சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் கேட்கவேண்டும். 2016-இல் அஜ்மீர் – ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமாகி, ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பம் அப்படித்தான் வழக்குப் போட்டது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் டாக்ஸிச் செலவுக்கு 15,000 ரூபாய், முன்பதிவு வீணானதற்கு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 என்ற இழப்பீட்டை உறுதிசெய்தது. தாமதத்துக்குத் தன் கையை மீறிய காரணம் இருந்தது என்பதை ரயில்வே நிரூபிக்கவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. வெள்ளத்தில் தண்டவாளம் அரித்துப்போன வழக்கில் ரயில்வே அந்தக் காரணத்தை எளிதாகக் காட்டிவிடும். எனவே அங்கே டாக்ஸிப் பணத்தை எதிர்பார்ப்பது கடினம். டிக்கெட் பணத்துக்கு அந்தத் தடை இல்லை, ஏனென்றால் அதைத் திருப்பித் தரும் விதியே வெள்ளத்தையும் உடைப்பையும் பெயர் சொல்லித்தான் எழுதப்பட்டிருக்கிறது.